முன்பள்ளியில் ஒரு தவணை: பிள்ளைகளின் பழக்கத்தையும் பேச்சையும் கவனித்துக் குறிப்பது எப்படி? டீச்சர்மார் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றின் முன்பள்ளியில் பல வருசம் படிப்பித்தவள் நான். இப்போது புதிதாக வரும் டீச்சர்மாருக்குக் கவனிப்புப் பட்டியல் எழுதப் பழக்குகிறேன். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். உதாரணங்கள் இரண்டாம் தவணையில் நடந்தவை. மே முதல் ஓகஸ்ட் வரைக்குமான இந்தத் தவணையில்தான் எங்கள் பக்கம் மழை பிடித்துக்கொள்ளும், வரவு குறையும், எல்லார் மூக்கும் ஒழுகும். பதுளை, பண்டாரவளைப் பக்கத்து டீச்சர்மாருக்கு அந்த மாதங்கள் காயும் வெயில். அவர்களுடைய மழை வருசக் கடைசியில் வரும். அதற்கேற்ப மாற்றி வாசியுங்கள்.

எங்களுக்குத் தந்த படிவத்தில் நாற்பதுக்கு மேல் கேள்வி இருக்கு. எல்லாத்தையும் நிரப்பணுமா?

அலுவலகத்துக்குக் கொடுக்க வேண்டிய படிவம் என்றால் நிரப்பித்தான் ஆக வேண்டும். ஆனால் உங்கள் கொப்பியில் எட்டு விஷயம் போதும். நாற்பதும் இருக்கும்போது என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், நானே செய்திருக்கிறேன்: தவணை முடிகிற கடைசி வெள்ளிக்கிழமை, தேத்தண்ணியை வைத்துக்கொண்டு, பிள்ளையின் முகத்தை நினைத்து நினைத்து சரி, சரி, சரி என்று கோடு போட்டுக்கொண்டே போவோம். நல்ல பிள்ளைக்கு எல்லாம் சரி, குழப்படிக்காரனுக்குப் பாதி பிழை. அது நம் மனதில் இருக்கும் அபிப்பிராயம். பிள்ளை என்ன செய்தது என்பது அதில் எங்கேயும் இருக்காது.

அந்த எட்டு எது?

பழக்கத்துக்கு நாலு, பேச்சுக்கு நாலு.

பழக்கத்தில் முதலாவது, மற்றவர்கள் விளையாடும் இடத்துக்குள் பிள்ளை எப்படி நுழைகிறது என்பது. தள்ளி நின்று பார்க்கிறதா, பக்கத்தில் உட்கார்ந்து அதே விளையாட்டைத் தனியாகச் செய்கிறதா, "நானும் வரட்டா?" என்று கேட்கிறதா, அல்லது கட்டியதை உடைத்துக்கொண்டு உள்ளே போகிறதா? இரண்டாவது, ஊஞ்சலோ சறுக்கோ தன் முறைக்காகக் காத்திருப்பது. மூன்றாவது, கையில் இருந்ததை ஒருவன் பறித்தால் என்ன செய்கிறது. நான்காவது, முடியாத வேலைக்கு யாரிடம், எப்படி உதவி கேட்கிறது.

பேச்சில் முதலாவது, யாரும் கேட்காமல் தானாகப் பேச்சைத் தொடங்குவது. இரண்டாவது, கை காட்டாமல் சொல்லும் இரண்டு படி வேலையைப் புரிந்து செய்வது. "கூடையை எடுத்து ஜன்னல் ஓரத்தில் வை" என்பது மாதிரி. மூன்றாவது, நடந்த ஒன்றைச் சொல்வது: யார், எங்கே, என்ன, அப்புறம் என்ன. நான்காவது, பிள்ளையைத் தெரியாத ஒருவருக்கு அதன் பேச்சு எவ்வளவு விளங்குகிறது. இதற்கு நம் காது உதவாது, நமக்குப் பழகிப் போயிருக்கும். சத்துமா கொண்டு வருபவரையோ பக்கத்து வகுப்பு டீச்சரையோ இரண்டு நிமிசம் பிள்ளையோடு பேசச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். மூன்று வயதில் நாலில் மூன்று பங்கு, நாலு வயதில் ஏறக்குறைய எல்லாமே அந்நியருக்கு விளங்க வேண்டும்.

நிறம் சொல்வது, எண் சொல்வது, பாட்டு ஒப்புவிப்பது எதுவும் இதில் இல்லை. வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். பாட்டை மணி மாதிரி ஒப்புவிக்கிற பிள்ளை, "தண்ணி வேணும்" என்று கேட்கத் தெரியாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஆம், இல்லை என்று குறித்தால் போதாதா?

போதாது. நான் நாலு அடையாளம் வைத்திருக்கிறேன். தானாகச் செய்தால் 'தா'. நாமோ இன்னொரு பிள்ளையோ கை கொடுத்த பின் செய்தால் 'து', அதாவது துணையோடு. வாய்ப்பு இருந்தும் செய்யவில்லை என்றால் 'இ', இன்னும் இல்லை. அந்த வாய்ப்பே வரவில்லை என்றால் 'பா', பார்க்கவில்லை.

கடைசி இரண்டையும் கலக்கிவிடுவதுதான் நான் அதிகம் காணும் பிழை. அன்றைக்கு யாரும் அவனிடமிருந்து எதையும் பறிக்கவில்லை என்றால், பறித்தால் என்ன செய்வான் என்பது நமக்குத் தெரியாது. 'பா' போட வேண்டிய இடம் அது. 'இ' போட்டால் பிள்ளையின் மேல் ஒரு குறையை நாமே எழுதிவிடுகிறோம்.

அடையாளத்துக்குப் பக்கத்தில் திகதி, யாரோடு, எந்த இடம், பிள்ளை சொன்ன வாய்ச்சொல் அப்படியே. "பகிர்ந்துகொள்ள மாட்டான், பிடிவாதம்" என்று எழுதாதீர்கள். "பச்சைக் கட்டையை நெஞ்சோடு வைத்துக்கொண்டான். 'இது என்னோட வீடு, ஒடைக்காத' என்றான்" என்று எழுதுங்கள். வாசிக்கும்போதே தெரியும், அந்தப் பிள்ளை வீடு கட்டிக்கொண்டிருந்தான். பிடிவாதம் என்பது நாம் ஒட்டிய சீட்டு.

இருபது பிள்ளை, நான் ஒருத்தி. எப்போ எழுதுவது?

பன்னிரண்டு வாரத் தவணை என்று வைத்துக்கொள்வோம். முதல் கிழமை எழுத வேண்டாம். லீவு முடிந்து வரும் பிள்ளைகள் அம்மாவின் முந்தானையை விடவே மாட்டார்கள். இரண்டாம் கிழமையிலிருந்து, திங்கள் முதல் வியாழன் வரை நாளுக்கு ஒரு பிள்ளை. தன் முறை நாளில் வராத பிள்ளைக்கு வெள்ளிக்கிழமை. கிழமைக்கு நாலு பேர் என்றால் ஐந்து கிழமையில் இருபது பேரும் முடியும். இதேபோல் இன்னொரு சுற்று. பதினோராம் கிழமையோடு இரண்டு சுற்றும் முடிந்துவிடும், பன்னிரண்டாம் கிழமை தொகுத்து எழுத.

அந்த ஒரு பிள்ளையைச் சுதந்திர விளையாட்டில் ஐந்து நிமிசம், சாப்பாட்டு நேரத்தில் ஐந்து நிமிசம் பாருங்கள். அவ்வளவுதான். இடையில் வேறு பிள்ளை ஏதாவது சொன்னால் துண்டுத் தாளில் கிறுக்கி ஏப்ரனில் போட்டுக்கொள்ளுங்கள், வீட்டுக்குப் போகும் முன் கொப்பியில் ஏற்றிவிடுங்கள். அடுத்த நாளுக்கு வைத்தால் பிள்ளையின் சொல் மறந்து நம் சொல் வந்துவிடும்.

ஒரு விதி மட்டும் கண்டிப்பு: தொகுப்பில் எந்த முடிவும் ஒரே நாளை வைத்து எழுதக் கூடாது. குறைந்தது மூன்று முறை, இரண்டு வேறு இடங்களில் பார்த்திருக்க வேண்டும். இரண்டு சுற்று தருவது இரண்டு பார்வை. மூன்றாவது அந்தத் துண்டுத் தாளில் இருந்து வரும்.

நாலு வயதுப் பிள்ளை எத்தனை சொல் சேர்த்து வசனம் பேச வேணும்?

புத்தகங்களில் 'நாலு, ஐந்து சொல் வசனம்' என்று இருக்கும். அது ஆங்கிலத்துக்கு எண்ணிய எண்ணிக்கை. தமிழில் சொல்லை எண்ணினால் பிள்ளைக்கு அநியாயம் செய்வோம். "வரமாட்டேன்" என்பது ஒரு சொல். அதற்குள் வருவது, மாட்டாதது, அதைச் சொல்வது நான் என்பது மூன்றும் இருக்கிறது.

அதனால் சொல்லை எண்ணாமல் ஒட்டைப் பாருங்கள். "பஸ்ஸுல", "அம்மாக்கு", "தாத்தாவோட" என்று வேற்றுமை ஒட்டு வருகிறதா? வந்தது, வருது, வரும் என்று காலம் மாறுகிறதா? "மழ பெஞ்சா வரமாட்டேன்" மாதிரி ஒன்றை இன்னொன்றோடு கட்டுகிறதா? நாலு வயதுப் பிள்ளை "அம்மா மல போ" என்று ஒட்டில்லாமல் பெயரையும் வினையையும் அடுக்கிக்கொண்டே இருந்தால், மூன்று சொல் இருந்தாலும் அதைக் கவனித்து எழுத வேண்டும். "அம்மா மலைக்கு போயிருச்சு" என்று சொல்லும் பிள்ளைக்கும் அதே மூன்று சொல்தான், ஆனால் வெகுதூரம் வந்துவிட்டது.

'வந்துச்சு', 'அப்பாயி', 'போட்டாங்கெ' என்று லயத்துப் பேச்சு பேசினால் பிழை என்று குறிக்கவா?

வேண்டாம். அது அதன் வீட்டுத் தமிழ், இலக்கணம் முழுசாக இருக்கும் தமிழ். ழகரத்துக்கு ளகரம் வருவதும் அப்படித்தான், பெரியவர்களே அப்படித்தான் சொல்கிறோம். கேட்டபடியே எழுதுங்கள். புத்தகத் தமிழாக்கி எழுதினால் ஒட்டு எது என்றே பிறகு தெரியாது.

வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைக்கு என்ன எழுதுவது?

இதற்கு ஒரு பிள்ளையின் கதையைச் சொல்வதுதான் நல்லது. பெயர் வேண்டாம், 'க' என்று வைத்துக்கொள்வோம். நாலு வயதும் மூன்று மாதமும். மேல் டிவிசன் லயம். அம்மா கொழும்பில் வீட்டு வேலை, வளர்ப்பது அப்பாயி.

இரண்டாம் கிழமை அவனுடைய முதல் நாள். வட்டத்தில் உட்கார்ந்தான். பெயர் கேட்டேன், தலையைக் குனிந்தான். பக்கத்துப் பையன் "அவன் பேசமாட்டான் டீச்சர்" என்று அவனுக்காகப் பதில் சொன்னான். 'தானாகப் பேச்சைத் தொடங்குதல்' என்ற இடத்தில் 'இ' போட்டேன். சாப்பாட்டிலும் அதே 'இ'. 'நடந்ததைச் சொல்லுதல்' என்ற இடத்திலும் 'இ' போட்டேன், அது பிழை. நான் எதையும் சொல்லச் சொல்லிக் கேட்கவே இல்லை. 'பா' வந்திருக்க வேண்டும். பிறகு வெட்டித் திருத்தினேன்.

நாலாம் கிழமை, அவன் முறை இல்லாத நாள். தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் ஒரு பெண் பிள்ளையோடு கொழுந்து நிறுக்கிற விளையாட்டு. சிரட்டைதான் தராசு, புல்தான் கொழுந்து. அவன் கணக்குப்பிள்ளை. நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று எழுதியது: "இது ஈரக் கொழுந்து. ரெண்டு கிலோ கழிச்சிருவேன். நீ சும்மா கத்தாத."

இந்த மூன்று வசனத்தையும் பிரித்துப் பாருங்கள். ஈரம் என்பது காரணம், கழிப்பது அதன் விளைவு. 'கழிச்சிருவேன்' என்ற ஒரு சொல்லுக்குள் வினை, முடித்துவிடுவேன் என்ற உறுதி, வருங்காலம், நான் எல்லாம் இருக்கிறது. அடுத்தவளின் எதிர்ப்புக்குப் பதிலும் சொல்கிறான். இது நாலு வயதுக்கு நல்ல பேச்சு. (அந்தப் பெண் பிள்ளையின் அம்மா அன்றைக்கு உண்மையிலேயே ஈரக் கொழுந்துக்குக் கிலோ வெட்டு வாங்கியிருந்தாளாம். அது வேறு கதை.) ஆக அவனுக்குப் பேச்சு இருக்கிறது. வட்டத்தில், என் முன்னால்தான் வரவில்லை. அப்பாயியைக் கேட்டேன். "வீட்ல வாய மூடவே மாட்டான் டீச்சர்" என்றார்.

அதற்குப் பிறகு நான் மாற்றியது இரண்டுதான். அவனிடம் கேள்வி கேட்பதை விட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து "இந்த மூடி இறுக்கமா இருக்கு" என்று நானே சொல்லிக்கொண்டிருப்பேன், பதிலுக்குக் காத்திருக்க மாட்டேன். அப்புறம், அந்தப் பெண் பிள்ளையோடு சேர்த்து அவனுக்குக் கோப்பை பகிரும் வேலை கொடுத்தேன்.

ஏழாம் கிழமை, இரண்டாம் சுற்று. ஒருத்தியோடு தாராளமான பேச்சு, நாலு பேர் குழுவில் ஒரு பையனுக்கு "இல்ல, மஞ்ச" என்று பதில், எனக்குத் தலையாட்டல். ஒன்பதாம் கிழமை என் சேலையை இழுத்து, கிட்டத்தட்ட மூச்சு மட்டும் வந்தது: "டீச்சர், அவளுக்கு கப்பு இல்ல." பதினோராம் கிழமை, அம்மா லீவுக்கு வந்து போன பிறகு: "அம்மா வந்துச்சு. பஸ்ஸுல. அப்பாயி அழுதுச்சு. டொபி தந்துச்சு." யார் வந்தது, எப்படி வந்தது, என்ன நடந்தது எல்லாம் இருக்கிறது. டொபி தந்தது அப்பாயியா அம்மாவா என்பது கேட்பவருக்கு விளங்காது. "யார் தந்தது?" என்றேன், "அம்மா" என்றான். எனவே 'து'.

தொகுப்பில் எழுதியது இது: தெரிந்த ஒரு பிள்ளையோடு பேச்சைத் தொடங்குதல் 'தா', பெரியவரோடு 'து', வட்டத்தில் 'இ'. ஒரே கேள்விக்கு மூன்று பதில். 'பேசமாட்டான்' என்று ஒரு சொல்லில் எழுதியிருந்தால் அடுத்த தவணை டீச்சர் மறுபடி வட்டத்தில் பெயர் கேட்பதிலிருந்துதான் தொடங்கியிருப்பார்.

ஆனால் ஒன்று. வீட்டில் நன்றாகப் பேசும் பிள்ளை, முன்பள்ளிக்கு வந்த முதல் மாதம் கழிந்த பிறகும் ஒரு மாதத்துக்கு மேலாக யாரிடமும் ஒரு சொல் பேசவில்லை, நகர்வே இல்லை என்றால் 'வெட்கம், போகப் போகச் சரியாகும்' என்று விடக் கூடாது. கட்டாயப்படுத்திப் பேச வைக்கவும் கூடாது. அது கிளினிக்கில் காட்ட வேண்டிய விஷயம். 'க' அந்த வகை இல்லை, ஏனென்றால் கொப்பியில் திகதி போட்டு நகர்வு இருந்தது.

ஒரு பிள்ளை சில நாள் சொன்னதைச் செய்யும், சில நாள் செய்யாது. சோம்பலா?

முதலில் திகதிகளைப் பாருங்கள். என்னிடம் ஒரு பெண் பிள்ளை, இரண்டு படி வேலையில் 'தா, தா, இ, தா, இ' என்று இருந்தாள். தகரக் கூரையில் மழை கொட்டுவதால் கேட்கவில்லை என்று நினைத்தேன். அதே நாள் மற்றப் பிள்ளைகளின் பக்கத்தைப் புரட்டினால் மழையிலும் அவர்கள் செய்திருக்கிறார்கள். இவளுக்கு 'இ' விழுந்த இரண்டு நாளும் தடிமன் பிடித்திருந்த நாள்.

தடிமனோடு செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்குவது இந்த வயதில் சாதாரணம். அப்போது காது கேட்பது மங்கும், நீர் வற்றினால் திரும்பும். அதனால்தான் ஒரு நாள் கேட்கும், ஒரு நாள் கேட்காது. "ஆ?" என்று திருப்பிக் கேட்பது, நம் வாயையே பார்ப்பது, வாயால் மூச்சு விடுவது, சத்தமாகப் பேசுவது ஆகியவற்றையும் கூட எழுதுங்கள். பிள்ளை விளையாட்டில் இருக்கும்போது மூன்று எட்டுப் பின்னால் நின்று சாதாரணக் குரலில் பெயர் சொல்லிப் பாருங்கள். இது பரிசோதனை இல்லை, அனுப்பலாமா என்று முடிவெடுக்க ஒரு தடயம். பெரும்பாலும் சில மாதத்தில் தானாக வற்றும். ஆனால் காது பார்க்கும் முன் பேச்சைப் பற்றி எந்த முடிவும் எழுத வேண்டாம்.

அடிக்கிற பிள்ளைக்கு என்ன குறிப்பது?

அடிக்கு முன்னால் என்ன நடந்தது, அடி, அடிக்குப் பின்னால் என்ன கிடைத்தது. மூன்றையும் எழுதுங்கள். நாலு குறிப்பு சேர்ந்தால் வடிவம் தெரியும். ஒரு பையன் ஊஞ்சல் வரிசையில் மட்டும் அடித்தான். ஒவ்வொரு முறையும் 'பின்னால்' பகுதியில் "ஊஞ்சல் கிடைத்தது" என்று என் கையெழுத்திலேயே இருந்தது. சண்டையை நிறுத்த நான்தான் அவனை ஏற்றிவிட்டிருக்கிறேன். 'அடுத்தது நான்' என்று சொல்லப் பழக்கி, சொன்னால் மட்டும் முறை கொடுத்த பிறகு குறைந்தது.

வீட்டில் சிங்களமும் பேசுகிறார்கள். தமிழ் பின்தங்கிப் போகுமா?

இரண்டு மொழி பேச்சைத் தாமதமாக்காது. இரண்டிலும் தெரிந்ததைச் சேர்த்துப் பாருங்கள். 'வத்துர' என்று கேட்டாலும் பிள்ளை தண்ணீர் கேட்டிருக்கிறது, 'தா' போடுங்கள். இரண்டு மொழியிலும் குறைவு என்றால்தான் யோசிக்க வேண்டும்.

பெற்றோரிடம் எப்படிச் சொல்வது?

பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் நேரத்தில், வாசலில், நாலு பேர் முன்னால் சொல்லாதீர்கள். லயத்தில் அன்று மாலைக்குள் எல்லா வீட்டுக்கும் போய்விடும். தனியே கூப்பிட்டு, முதலில் பிள்ளை சொன்ன ஒரு வசனத்தை வாசித்துக் காட்டுங்கள். 'க'வின் அப்பாயிக்கு ஈரக் கொழுந்தை வாசித்தபோது சிரித்துச் சிரித்து, அப்புறம் தானாகவே, "ஆனா புது ஆளுங்க வந்தா கதவுக்குப் பின்னாடி போயிருவான்" என்றார். நான் கேட்க வேண்டிய கேள்விக்குப் பதில் அதுதான். 'தா, து, இ' எதையும் பெற்றோரிடம் காட்ட வேண்டாம், அவர்கள் மார்க்ஸ் என்று நினைப்பார்கள்.

எப்போ மிட்வைஃப் மிஸ்ஸிடம் அனுப்பணும்?

முன்பு பேசிய சொற்கள் காணாமல் போனால் தவணை முடியக் காத்திருக்க வேண்டாம், அந்தக் கிழமையே. பெயர் சொன்னால் திரும்பாவிட்டாலும் அப்படியே. மூன்று வயதில் இரண்டு சொல் சேர்க்காத பிள்ளை, நாலு வயதில் அந்நியருக்குப் பாதியும் விளங்காத பிள்ளை ஆகியோரை இரண்டாம் பார்வைக்குப் பிறகு அனுப்புங்கள். திக்குவது இந்த வயதில் வந்து போகும். ஆனால் முகம் இறுகி, கண்ணை மூடி, சொல்லைத் தள்ளுகிற திக்கல் அல்லது ஆறு மாதம் கடந்தும் நிற்கும் திக்கல் என்றால் அனுப்புங்கள்.

பெற்றோரிடம் கிளினிக் கொப்பியைக் கொண்டு போகச் சொல்லுங்கள், அதில் வளர்ச்சிப் பக்கம் இருக்கிறது. உங்கள் குறிப்பிலிருந்து ஒரே ஒரு தாள் எழுதிக் கொடுங்கள்: மூன்று திகதி, மூன்று இடம், பிள்ளையின் வாய்ச்சொல். வியாதிப் பெயர் எதையும் எழுதாதீர்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலிருந்து ஆஸ்பத்திரிக்கும், அங்கே காது கிளினிக்குக்கும் பேச்சுச் சிகிச்சைக்கும் போகும் வழியில் அந்தத் தாள் கூடவே போகும். ஒரு நாள் சம்பளத்தை விட்டுப் போகிறவர்கள். வைத்தியரின் ஐந்து நிமிசத்தில் பிள்ளை வாயைத் திறக்காது, தாள்தான் பேசும்.

ஃபோனில் வீடியோ எடுத்து வைத்தால் எழுதத் தேவையில்லையே?

ஃபோனைக் கண்டதும் பிள்ளைகள் விளையாட்டை விட்டுவிட்டு உங்களிடம் ஓடி வருவார்கள், 'கொழுந்து நிறுப்பு' அந்த இடத்திலேயே முடிந்துவிடும். பெற்றோரின் சம்மதமும் வேண்டும். வட்ஸ்அப் குழுவில் ஒருமுறை போனால் திரும்ப எடுக்க முடியாது. கொப்பியை அலுமாரியில் வைத்துப் பூட்டுங்கள், சாவி உங்களிடம் இருக்கட்டும்.